வெளிநாட்டில் போட்ட கையெழுத்து உள்ளூரில் எப்போது செல்லும்?

1970ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு சொத்து வழக்கு வந்தது. வழக்கின் மையத்தில் இருந்தவை அமெரிக்காவில் எழுதி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இரண்டு பவர் பத்திரங்கள். முதல் பத்திரத்தில் பவர் கொடுத்தவரின் கையெழுத்து இருந்தது, இன்னொருவர் சாட்சியாகவும் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த இன்னொருவர் நோட்டரி என்று காட்ட அதில் ஒன்றுமே இல்லை. சட்டம் கேட்கிற அத்தாட்சி இதில் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டாவது பத்திரம் கலிபோர்னியா மாநிலச் சட்டப்படி ஒரு நோட்டரியின் முன் எழுதிக் கொடுக்கப்பட்டது. “கையெழுத்துப் போட்டவரை இன்னார் என்று அடையாளம் கண்டேன் என நோட்டரி எழுதவில்லையே” என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. ஆனால் அந்த நோட்டரி, தன் முன்னிலையில் கையெழுத்திட்டு உறுதிமொழி கொடுக்கப்பட்டது என்று எழுதியிருந்தார். ஆளை அடையாளம் கண்டார் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

நோட்டரி எழுதிய ஒரே ஒரு வரிதான் இரண்டு தாள்களையும் பிரித்தது. வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் ஊரில் உள்ள வீட்டையோ மனையையோ விற்க பவர் அனுப்பும்போது பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். அப்போஸ்டில் எங்கே வாங்குவது, தூதரகத்தில் எவ்வளவு கட்டணம் என்றெல்லாம் நன்றாக விசாரிக்கிறார்கள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடுகிற அந்த நிமிடத்தில் எதிரே யார் இருக்க வேண்டும், அவர் என்ன எழுதித் தர வேண்டும் என்பதை விசாரிப்பதில்லை. பின்னால் வருகிற முத்திரைகள் எல்லாமே அந்த நிமிடத்தை நம்பித்தான் நிற்கின்றன.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். அக்கா கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் இருக்கிறார். தம்பி கும்பகோணத்தில். அப்பா காலமான பிறகு இருவர் பெயருக்கும் வந்த 2,400 சதுர அடி மனையை விற்க நல்ல விலைக்கு ஆள் கிடைத்திருக்கிறது. அக்காவால் உடனே வர முடியாது. தன் பங்கை விற்றுக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைத் தம்பிக்குக் கொடுக்க நினைக்கிறார்.

சட்டம் கேட்பது என்ன?

பவர் ஏஜெண்ட் கொண்டுவரும் பத்திரத்தைச் சார்பதிவாளர் ஏற்க வேண்டுமானால், அந்த பவர் எப்படி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 33ஆவது பிரிவில் சொல்கிறது. பவர் கொடுப்பவர் இந்தியாவில் வசிக்காதவர் என்றால், அது ஒரு நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, மாஜிஸ்திரேட், இந்தியத் தூதரக அதிகாரி அல்லது மத்திய அரசின் பிரதிநிதி ஆகியோரில் ஒருவர் முன்னிலையில் எழுதிக் கொடுக்கப்பட்டு, அவரால் அத்தாட்சி செய்யப்பட்டிருக்க வேண்டும்.

இதில் நிபந்தனை இரண்டு. முன்னிலையில் எழுதிக் கொடுப்பது ஒன்று, அத்தாட்சி பெறுவது இன்னொன்று. வீட்டிலேயே கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டு, கணவரிடமோ நண்பரிடமோ கொடுத்து நோட்டரி முத்திரை மட்டும் வாங்கி வரச் சொன்னால் முதல் நிபந்தனையே போய்விடுகிறது. அதற்கு மேல் எத்தனை முத்திரை விழுந்தாலும் அந்தக் குறை சரியாகாது.

நோட்டரி வழியா, தூதரக வழியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அக்காவுக்கு உண்டு. சட்டத்தின் பார்வையில் இரண்டும் சமம். அவர் குடியிருக்கும் இடத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ இந்தியத் துணைத் தூதரகம் பக்கம்தான். இருந்தாலும் பெரும்பாலானோர் போகும் நோட்டரி வழியை முதலில் பார்ப்போம். பாடம் அதிகம் கிடைப்பது அங்கேதான்.

நோட்டரியின் மேசையில்

போவதற்கு முன்பே வாசகம் தயாராக இருக்க வேண்டும். இதைக் கும்பகோணத்தில் ஒரு வழக்கறிஞரோ அனுபவமுள்ள ஆவண எழுத்தரோ எழுதித் தருவதுதான் நல்லது. ஏனென்றால் அமெரிக்க நோட்டரி இந்தப் பத்திரத்தின் உள்ளடக்கத்தைப் பார்க்கவே மாட்டார். கலிபோர்னியாவில் நோட்டரி இணைக்கும் சான்றிதழின் மேலே ஒரு கட்டத்துக்குள் சட்டம் விதித்த எச்சரிக்கை அச்சாகியிருக்கும். இந்தச் சான்று கையெழுத்திட்டவர் யார் என்பதை மட்டுமே உறுதி செய்கிறது, ஆவணத்தில் உள்ளவை உண்மை என்றோ சரி என்றோ செல்லுபடியாகும் என்றோ உறுதி செய்யவில்லை என்பது அதன் சாரம். சர்வே எண் தப்பாக இருந்தாலும், விற்கும் அதிகாரம் என்ற சொல்லே விட்டுப் போயிருந்தாலும், அங்கே முத்திரை தடையில்லாமல் விழும். பிழை தெரியவருவது கிரயம் எழுதும் நாளில்தான்.

வாசகத்தில் மூன்று இடங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலாவது பெயர். நம் பெயர் வழக்கமும் பாஸ்போர்ட்டின் பெயர் வழக்கமும் ஒத்துப்போவதில்லை. வாரிசுச் சான்றிலும் பட்டாவிலும் அக்காவின் பெயருக்கு முன் அப்பாவின் இனிஷியல் இருக்கும். அமெரிக்கா போன பிறகு பாஸ்போர்ட்டில் கணவரின் பெயர் குடும்பப் பெயராகச் சேர்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை மட்டும் நோட்டரி ஒப்பிட்டுப் பார்ப்பார், பட்டாவில் உள்ள பெயரைச் சார்பதிவாளர் தேடுவார். ஆகவே பத்திரத்தின் முதல் பத்தியிலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரும், அதன் பக்கத்தில் “என்கிற” என்று சேர்த்து ஊர் ஆவணங்களில் உள்ள பெயரும், இன்னாரின் மகள் என்ற விவரமும், பாஸ்போர்ட் எண்ணும் வர வேண்டும்.

இரண்டாவது சொத்து விவரம். கிராமம், சர்வே எண், அதன் உட்பிரிவு, பட்டா எண், நான்கு எல்லைகள், அளவு, அப்பா வாங்கிய கிரயப் பத்திரத்தின் எண், பதிவான ஆண்டு, பதிவான அலுவலகம் எல்லாம் தாய்ப்பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதப்பட வேண்டும். அக்கா கொடுப்பது முழு மனையை விற்கும் அதிகாரம் இல்லை, தன் பிரிபடாத பங்கை விற்கும் அதிகாரம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது அதிகாரங்கள். பவர் பத்திரத்தில் எழுதாத அதிகாரம் ஏஜெண்டுக்குக் கிடையாது. நீதிமன்றங்கள் இதன் வாசகத்தைக் கறாராகத்தான் படிக்கின்றன. “சொத்தை நிர்வகிக்கவும் பராமரிக்கவும்” என்று எழுதினால் விற்பது அதில் அடங்காது. விலை பேச, அட்வான்ஸ் வாங்க, கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட, அதைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய, விற்பனைத் தொகையைப் பெற என ஒவ்வொன்றும் தனித்தனியாக வர வேண்டும். தொகை இன்ன வங்கிக் கணக்கில்தான் வரவு வைக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் உடன்பிறந்தவர்களுக்குள் பின்னாளில் மனத்தாங்கல் வராது.

முத்திரைத்தாள் வாங்கி கூரியரில் அமெரிக்காவுக்கு அனுப்பும் பழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. அது தேவையில்லை. முழுக்க வெளிநாட்டில் எழுதப்படும் பத்திரத்தை வெள்ளைத்தாளில் எழுதலாம். முத்திரைத் தீர்வையை அது இந்தியா வந்த பிறகு கட்டிக்கொள்ளச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அந்த விவரம் பின்னால் வரும்.

இனி கையெழுத்துப் போடுகிற நிமிடம். அமெரிக்க நோட்டரிகள் தரும் சான்றில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று அக்னாலெட்ஜ்மெண்ட். வந்தவர் இன்னார், இந்தக் கையெழுத்து தன்னுடையதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார் என்பதே இதன் பொருள். இதற்கு நோட்டரியின் கண்ணெதிரே கையெழுத்துப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, முன்பே போட்டு எடுத்து வந்தும் ஒப்புக்கொள்ளலாம். இன்னொன்று ஜூரட். வந்தவர் என் முன்னிலையில் கையெழுத்திட்டு உறுதிமொழி எடுத்தார் என்று இது சொல்லும். இதற்குக் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும்.

நம் பதிவுச் சட்டம் கேட்கும் “முன்னிலையில்” என்ற நிபந்தனைக்கு நேரான பதில் ஜூரட்தான். 1970 வழக்கில் கைகொடுத்ததும் அந்த வகை வாசகமே. எந்தச் சான்று வேண்டும் என்பதை நோட்டரி நமக்காகத் தேர்ந்தெடுக்க மாட்டார், கலிபோர்னியாவில் அப்படிச் செய்ய அவருக்கு அனுமதியும் இல்லை. கேட்டு வாங்க வேண்டியது நாம்தான். ஒன்றும் சொல்லாமல் தாளை நீட்டினால் பழக்கத்தில் உள்ள அக்னாலெட்ஜ்மெண்ட் படிவத்தை இணைத்து அனுப்பிவிடுவார்கள். அதை வைத்துக்கொண்டும் பல பத்திரங்கள் ஊரில் ஏற்கப்படுகின்றன. ஆனால் ஆட்சேபம் எழுந்தால் வாதாட வேண்டிய நிலை வரும். “இன்ன தேதியில் என் முன்னிலையில் கையெழுத்திட்டார்” என்ற வரி சான்றில் தெளிவாக இருந்துவிட்டால் வாதத்துக்கே இடமில்லை.

அன்று அக்கா செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையெழுத்துப் போடாத பத்திரத்தையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போகிறார். முதல் பக்கத்தில் புகைப்படம் ஒட்டியிருக்கிறார். நோட்டரியின் எதிரே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசிப் பக்கத்திலும் கையெழுத்திடுகிறார், இடது பெருவிரல் ரேகையும் வைக்கிறார். கலிபோர்னியாவில் பவர் பத்திரம் என்றாலே நோட்டரி தன் பதிவேட்டிலும் கையெழுத்திட்டவரின் பெருவிரல் ரேகையை வாங்கியாக வேண்டும் என்பது சட்டம். இந்தக் கையெழுத்தே என்னுடையது இல்லை என்று நாளை யாராவது கிளப்பினால் அந்தப் பதிவேடு பெரிய துணை. கிளம்பும் முன் சான்றில் ஊர், தேதி, தன் பெயர், நோட்டரியின் பெயர், அவருடைய நியமனம் முடியும் நாள் ஆகியவை சரியா என்று அக்கா படித்துப் பார்க்க வேண்டும். சான்று தனித்தாளில் இருந்தால், எந்த ஆவணத்துக்கு, எத்தனை பக்கத்துக்கு என்ற விவரம் அதில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அப்போஸ்டில் சொல்வதும் சொல்லாததும்

33ஆவது பிரிவு நோட்டரி என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. அப்போஸ்டில் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பிறகு எதற்கு அது? சான் ஹொசேயில் கையெழுத்துப் போட்ட இந்த மனிதர் உண்மையிலேயே நோட்டரிதானா என்று தெரிந்துகொள்ள கும்பகோணம் சார்பதிவாளருக்கு ஒரு வழியும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில்தான் அப்போஸ்டில்.

முன்பெல்லாம் இந்தப் பதிலைப் பெற ஒரு தாள் பல மேசைகள் ஏறி இறங்க வேண்டும். உள்ளூர் அதிகாரி, மாநிலம், வெளியுறவு அமைச்சகம், கடைசியில் தாள் போகவிருக்கும் நாட்டின் தூதரகம் என்று ஒவ்வொருவரும் முந்தையவரின் கையெழுத்துக்கு அத்தாட்சி தருவார்கள். அந்தச் சங்கிலியை ஒரே சான்றாகச் சுருக்கியது 1961 அக்டோபர் 5இல் ஹேக் நகரில் முடிவான உடன்படிக்கை. 120க்கும் மேற்பட்ட நாடுகள் இப்போது அதில் இருக்கின்றன. இந்தியாவுக்கு அது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. ஓர் உறுப்பு நாட்டின் அப்போஸ்டில் இருந்தால், அந்தப் பத்திரத்துக்கு மேலும் தூதரக முத்திரை வேண்டும் என்று இன்னொரு உறுப்பு நாடு கேட்கக் கூடாது.

கலிபோர்னியாவில் இதைத் தருவது மாநிலச் செயலாளரின் அலுவலகம். சாக்ரமெண்டோவுக்குத் தபாலில் அனுப்பலாம், நேரிலும் போகலாம். நோட்டரி கையெழுத்துக்கு அப்போஸ்டில் தருவது அவரவர் மாநிலம் என்பதால், டெக்சாஸ் நோட்டரியிடம் வாங்கிய சான்றைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடும். நியூயார்க் போன்ற மாநிலங்களில் மாநில அலுவலகத்துக்கு முன் கவுண்டி கிளார்க்கிடம் ஒரு சான்று வாங்க வேண்டும். அதாவது நோட்டரியைத் தேடுவதற்கு முன்பே, அந்த மாநிலத்தில் அப்போஸ்டில் எந்த வழியில் போகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வந்து சேரும் அப்போஸ்டிலைப் படிக்கத் தெரிந்திருப்பது தம்பிக்கு உதவும். எந்த நாடு தந்தாலும் அது ஒரே வடிவில் இருக்கும். மேலே பிரெஞ்சு மொழியில் உடன்படிக்கையின் பெயர், கீழே எண் போட்ட பத்து வரிகள். முதல் வரியில் நாடு. இரண்டாவது வரியில் கையெழுத்திட்டவர் யார் என்று இருக்கும். அங்கே அக்காவின் பெயரைத் தேடினால் கிடைக்காது, நோட்டரியின் பெயர்தான் இருக்கும். மூன்றாவது வரி அவருடைய பதவி, நான்காவது வரி அவருடைய முத்திரை. ஐந்திலிருந்து ஏழு வரை எங்கே, எப்போது, யாரால் சான்று தரப்பட்டது என்ற விவரம். எட்டாவது வரியில் எண். கடைசி இரண்டில் வழங்கிய அலுவலகத்தின் முத்திரையும் கையெழுத்தும். வழங்கிய ஒவ்வொரு அப்போஸ்டிலுக்கும் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் விதி. பல இடங்களில் அந்த எண்ணையும் தேதியையும் கொடுத்து இணையத்திலேயே சரிபார்க்க முடிகிறது.

இந்த வரிகளைப் படித்தாலே ஒன்று விளங்கும். அப்போஸ்டில் சொல்வது இவ்வளவுதான்: இந்தக் கையெழுத்து இந்த நோட்டரியுடையது, இவர் நோட்டரி பதவியில் இருப்பவர், முத்திரை உண்மையானது. அக்கா யார் என்றோ, மனை யாருடையது என்றோ, பவரில் போதிய அதிகாரம் இருக்கிறது என்றோ அது சொல்வதில்லை. தமிழ்நாட்டில் சிலர் அப்போஸ்டில் இருக்கிறதே என்று பத்திரத்தைப் படிக்காமலே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குபவர் அப்போஸ்டிலைப் பார்த்ததும் அடுத்துச் செய்ய வேண்டியது, அதன் அடியில் இருக்கும் நோட்டரி சான்றையும் பத்திரத்தையும் வரிவரியாகப் படிப்பது.

நுட்பமான தவறு ஒன்றும் இங்கே நடக்கிறது. சிலர் கையெழுத்திட்ட பத்திரத்தின் நகலை எடுத்து, உண்மை நகல் என்று நோட்டரியிடம் சான்று வாங்கி, அதற்கு அப்போஸ்டில் பெற்று அனுப்புகிறார்கள். முத்திரைகளைப் பார்த்தால் எல்லாம் கச்சிதமாகத் தெரியும். ஆனால் நோட்டரி அங்கே அத்தாட்சி செய்தது நகலைத்தான், பவர் எழுதிக் கொடுத்ததை இல்லை. பிரிட்டனிலிருந்து வரும் பத்திரங்களில் இதற்கு இணையான சிக்கல் ஒன்று உண்டு. அங்கே சொலிசிட்டர் கையெழுத்துக்கும் அப்போஸ்டில் கிடைக்கும், நம் 33ஆவது பிரிவோ நோட்டரி என்கிறது. அங்கே நோட்டரி என்பவர் தனி. இந்தியச் சொத்துக்கான பவர் என்றால் அவரிடமே போக வேண்டும்.

அப்போஸ்டில் தாளைப் பத்திரத்தோடு சேர்த்து ஸ்டேப்பிள் அடித்திருப்பார்கள். ஸ்கேன் எடுக்க வசதி என்று அதைப் பிரித்து மறுபடி பின் அடித்தால், பக்கம் மாற்றப்பட்டதோ என்ற சந்தேகம் வரும். பிரிக்காமல் மடித்து வைத்தே படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தூதரக வழி

இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ அதிகாரி முன் கையெழுத்திட்டால் நோட்டரியும் வேண்டாம், அப்போஸ்டிலும் வேண்டாம். 1948ஆம் ஆண்டின் ஒரு சட்டம் நம் தூதரக அதிகாரிகளுக்கு நோட்டரி செய்யும் வேலைகளைச் செய்ய அதிகாரம் தந்திருக்கிறது. தூதரக அதிகாரிகள் தரும் ஆவணங்களுக்கு ஹேக் உடன்படிக்கை பொருந்தாது என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. எனவே தூதரக முத்திரை பெற்ற பவருக்கு அப்போஸ்டிலும் வாங்க அலைவது வீண். நம் அலுவலகங்களுக்கு இந்த முத்திரை பழகியது என்பதும் இதன் கூடுதல் வசதி.

தொல்லை நேரத்தில்தான். முன்பதிவு செய்து நேரில் போக வேண்டும். பாஸ்போர்ட், புகைப்படம், முகவரிச் சான்று, சாட்சிகள் என்று ஒவ்வொரு தூதரகமும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களுக்கு விதிகள் மாறலாம் என்பதால் அவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தும் வழி மாறும். ஐக்கிய அரபு எமிரேட்ஸ், கத்தார், குவைத், மலேசியா ஆகியவை ஹேக் உடன்படிக்கையில் இல்லை. அங்கே உள்ளூர் நோட்டரி வழியாகப் போனால் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம், பிறகு இந்தியத் தூதரகம் என்று பழைய சங்கிலி முழுவதையும் கடக்க வேண்டும். அதைவிட நேரே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திடுவது எவ்வளவோ எளிது. சிங்கப்பூரில் 2021 செப்டம்பரிலிருந்தும், சவூதி அரேபியாவில் 2022 டிசம்பரிலிருந்தும், கனடாவில் 2024 ஜனவரியிலிருந்தும் அப்போஸ்டில் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் அங்கிருந்து பவர் அனுப்பியவர்கள் சொல்லும் வழி இப்போது பழையது. ஜெர்மனியில் இருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒரு நாடு உடன்படிக்கையில் சேரும்போது ஏற்கெனவே உறுப்பாக உள்ள நாடு ஆட்சேபித்தால், அந்த இருவருக்கிடையே மட்டும் அப்போஸ்டில் செல்லாது. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி அப்படி ஆட்சேபம் தெரிவித்தது. அங்கே இருப்பவர்களுக்கு இந்தியத் தூதரகமே நம்பகமான வழி.

ஊருக்கு வந்த பிறகு மூன்று மாதம்

அக்காவின் பத்திரம் கூரியரில் ஏப்ரல் 2ஆம் தேதி கும்பகோணம் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல குடும்பங்கள் இத்துடன் வேலை முடிந்தது என்று பீரோவில் பூட்டி வைத்துவிடுகின்றன. உண்மையில் அன்றைக்குத்தான் ஒரு கெடு ஓடத் தொடங்குகிறது.

இந்தியாவுக்கு வெளியே எழுதப்பட்ட பத்திரத்துக்கு, அது இந்தியாவில் முதலில் பெறப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தலாம் என்கிறது 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தின் 18ஆவது பிரிவு. கெடு பத்திரம் கையெழுத்தான நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. எனவே வந்து சேர்ந்த நாளை நிரூபிக்க வேண்டியது தம்பியின் பொறுப்பு. அதற்கு ஆதாரம் கூரியர் உறைதான். அனுப்பியவர், பெறுபவர், கண்காணிப்பு எண், தேதி ஆகியவை உள்ள அந்த உறையைக் கிழித்து எறியாமல் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். கூரியர் நிறுவனத்தின் தளத்தில் அது ஒப்படைக்கப்பட்ட நாளைக் காட்டும் பக்கத்தையும் அன்றே அச்செடுத்துக்கொள்வது நல்லது, சில மாதங்களில் அது மறைந்துவிடக்கூடும். அக்கா ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினால், அவர் இந்தியாவில் இறங்கிய தேதிதான் கணக்கு. அவருடைய பாஸ்போர்ட்டில் விழுந்த வருகை முத்திரையின் நகல் அதற்கு ஆதாரமாகும்.

அடுத்து மாவட்டப் பதிவாளர் அலுவலகம். தமிழ்நாட்டில் 2012 இறுதியிலிருந்து அசையாச் சொத்து தொடர்பான பவர் பத்திரங்களைப் பதிவு செய்வது கட்டாயம். வெளிநாட்டில் எழுதப்பட்டவற்றுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் முத்திரைத் தீர்வைக்கு விலக்கு இல்லை. எவ்வளவு தீர்வை என்று மாவட்டப் பதிவாளர் நிர்ணயித்து, அது கட்டப்பட்டதும் உரிய தீர்வை செலுத்தப்பட்டது என்று பத்திரத்திலேயே எழுதிக் கையெழுத்திடுவார். பத்திர அலுவலகங்களில் இதை அட்ஜுடிகேஷன் என்பார்கள். அசல் பத்திரம், நகல், உறை, தம்பியின் அடையாள அட்டை, சொத்து ஆவணங்களின் நகல்கள் ஆகியவற்றோடு மனு கொடுக்க வேண்டும். பவர் பெறுபவர் குடும்ப உறுப்பினரா இல்லையா என்பதையும் பவரின் தன்மையையும் பொறுத்துக் கட்டணம் வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும்.

மூன்று மாதம் கடந்துவிட்டால் மாவட்டப் பதிவாளர் அந்தச் சான்றை எழுதித் தர முடியாது என்று அதே சட்டத்தின் 32ஆவது பிரிவு தடுக்கிறது. எனவே அக்காவின் பவரை ஜூலை 2ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். விற்பனை ஆறு மாதம் தள்ளிப் போனாலும் இந்த வேலை தள்ளிப் போகக் கூடாது. கெடு தவறிய பிறகு கேட்பவர்களுக்குப் பெரும்பாலான வழக்கறிஞர்கள் சொல்லும் வழி, அக்காவிடம் புதிதாக ஒரு பவர் வாங்கச் சொல்வதுதான். நோட்டரி, அப்போஸ்டில், கூரியர் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.

கிரய நாளிலும் அதற்குப் பிறகும்

பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்துவிடும். அதனால்தான் ஏஜெண்ட் கிரயம் எழுத வரும்போது, பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்றைத் தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகங்கள் கேட்கின்றன. வெளிநாட்டில் இருப்பவரிடமிருந்து இதைப் பெற நாளாகும். கிரயத் தேதி முடிவானதும் அக்காவிடம் சொல்லி, அங்கே யாரிடம் வாங்கிய சான்றை இங்கே ஏற்பார்கள் என்று சார்பதிவாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஏற்பாடு செய்ய வேண்டும். மிகவும் முன்கூட்டியே வாங்கினால் பழையது என்று சொல்லிவிடுவார்கள், கடைசி வாரத்தில் கேட்டால் வந்து சேராது.

கிரய நாளன்று சார்பதிவாளரின் மேசையில் தம்பி வைக்க வேண்டியவை அட்ஜுடிகேஷன் ஆன அசல் பவர், உயிருடன் இருப்பதற்கான சான்று, தன் அடையாள அட்டை, கிரயப் பத்திரம் ஆகியவை. கிரயப் பத்திரத்தில் அவர் இரண்டு முறை கையெழுத்துப் போடுவார், தன் பங்குக்காகத் தன் பெயரில் ஒரு முறை, அக்காவின் பங்குக்காக அவருடைய பவர் ஏஜெண்ட் என்ற முறையில் ஒரு முறை. பவரின் தேதி, நோட்டரி சான்றின் தேதி, அப்போஸ்டில் எண், அட்ஜுடிகேஷன் எண் ஆகியவை கிரயப் பத்திரத்தின் வாசகத்திலேயே வந்துவிட வேண்டும். பதினைந்து ஆண்டு கழித்து அந்த மனையை வாங்க வருகிறவரின் வழக்கறிஞர் தேடுவது இந்த எண்களைத்தான்.

விற்பனை நடக்காமல் போய்விட்டால் பவர் தானாகக் காலாவதியாகிவிடும் என்று யாரும் நினைக்கக் கூடாது. பத்திரத்தில் காலக்கெடு எழுதவில்லை என்றால் அது அக்கா உயிருடன் இருக்கும்வரை நடப்பில் இருக்கும், அதைக் கையில் வைத்திருப்பவர் வேறொருவருக்கு விற்கவும் முடியும். வேண்டாம் என்று முடிவெடுத்தால் ரத்துப் பத்திரம் ஒன்றை எழுதி, இதே போல நோட்டரி முன்னோ தூதரகத்திலோ கையெழுத்திட்டு, தம்பிக்கும் மனை இருக்கும் பகுதியின் சார்பதிவாளருக்கும் சொத்தை வாங்கப் பேசியவருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அசல் பவரையும் திரும்ப வாங்கிவிட வேண்டும். பவர் எழுதும்போதே அதற்கு ஓராண்டு, ஈராண்டு என்று ஒரு காலவரம்பு வைத்துவிட்டால் இந்த வேலை பெருமளவு மிச்சம்.